16 தாளில் அடங்காத பிடிஎஃப்

மேட்டுப்பாளையம் என்றதும் ஊட்டி மலை ரயிலை நினைத்துக்கொள்ள வேண்டாம். நான் சொல்வது புதுச்சேரி மேட்டுப்பாளையம். தொழிற்பேட்டையும் லாரிகளும் இருக்கிற பக்கம். அங்கேதான் எங்கள் வீடு. நான் சென்னையில் ஒரு சாப்ட்வேர் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். சனிக்கிழமை வந்தால் ஞாயிறு இரவு பஸ் ஏறிவிடுவேன். அந்த ஒன்றரை நாளில் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு வந்த நோய்களை எல்லாம் பார்ப்பது என் பொறுப்பு.

சில மாதங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை நான் உள்ளே நுழையும்போது அண்ணி தையல் மெஷின் முன்னால் ஒரு சுரிதார் டாப்ஸை வைத்துக்கொண்டு தையலைப் பிரித்துக்கொண்டிருந்தார். அண்ணி வீட்டிலேயே தைத்துக் கொடுப்பவர். கல்லூரியில் வேலை பார்க்கும் ஒரு அம்மா நல்ல பருத்தித் துணி கொடுத்துத் தைக்கச் சொல்லியிருந்தார்களாம். வழக்கமாகத் தைக்கும் மாதிரி இல்லாமல் புது வெட்டு ஒன்று வேண்டும் என்றதால், அண்ணி இன்டர்நெட்டில் காசு கொடுத்து ஒரு பேட்டர்ன் பிடிஎஃப் வாங்கி இறக்கி, பக்கத்துக் கடை ஒன்றில் பிரிண்ட் எடுத்து, ஒட்டி, துணி மேல் வைத்து வெட்டித் தைத்திருக்கிறார். போட்டுப் பார்த்தால் மார்பில் பிடிக்கிறது, கை ஏறவில்லை.

"தம்பி, நான் 22 வருஷமா தைக்கிறேன். இஞ்ச் டேப்பு தப்பாப் பிடிக்கிற ஆளா நான்? ரெண்டு இஞ்ச் எங்க போச்சுன்னே தெரியலை" என்றார்.

ஒட்டிய பேட்டர்ன் தாளை விரித்துப் பார்த்தேன். ஓரத்தில் ஒரு சின்னச் சதுரம், அதற்குள் 10 செ.மீ. என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. அதன் மேல் ஸ்கேலை வைத்தேன். 9.5 செ.மீ. தான் இருந்தது. இரண்டு இஞ்ச் போன இடம் அதுதான்! நூற்றுக்கு ஐந்து குறைந்திருக்கிறது. தைத்து முடித்தபின் 40 இஞ்ச் வர வேண்டிய மார்புச் சுற்று 38 இஞ்சாகிவிட்டது. தையலுக்கு விட்ட அரை இஞ்ச்கூட அதே கணக்கில் குறைந்திருப்பதால் பிரித்துத் தைக்கவும் இடம் இல்லை. அண்ணி அதே துணியைத் தேடிப்பிடித்துத் தன் காசில் வாங்கி மறுபடி தைத்துக் கொடுத்தார்.

தவறு எங்கே நடந்தது என்று கண்டுபிடிக்க எனக்கு அன்று இரவு முழுவதும் ஆயிற்று. விடை மிகச் சாதாரணமானது. கடைப் பையன் 16 தாளில் முடித்துக் கொடுத்திருக்கிறான். அண்ணியும் தாளுக்கு இவ்வளவு என்பதால் 16 என்றதும் சந்தோஷப்பட்டிருக்கிறார். ஆனால் அந்த பிடிஎஃப் 16 தாளில் அடங்கவே அடங்காது. அடங்கினால் எங்கோ சுருக்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம். பெரிய பிடிஎஃப்களைத் துண்டு துண்டாகப் பிரிண்ட் எடுக்கும் எல்லோரும் தாள் எண்ணிக்கையைக் குறைக்கவே பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது அளவைத்தான் என்பது என் கருத்து. ஏன் என்று கணக்கோடு சொல்கிறேன்.

அந்த பிடிஎஃப் ஒரே பக்கம். அடோபி ரீடரில் திறந்து File மெனுவில் Properties போய், Description பக்கத்தில் Page Size பாருங்கள். 33.11 x 46.81 in என்று இருந்தது. அதாவது 841 x 1189 மி.மீ., ஏ0 அளவு. ஏ வரிசைத் தாள்கள் எல்லாம் ஒன்றை நீளவாக்கில் பாதியாக மடித்தால் அடுத்தது கிடைக்கிற மாதிரி அமைந்தவை. நீளத்துக்கும் அகலத்துக்கும் உள்ள விகிதம் இரண்டின் வர்க்கமூலமாக இருந்தால்தான் பாதியாக்கினாலும் வடிவம் மாறாது. லிக்டென்பெர்க் என்ற ஜெர்மானியர் 1786-லேயே ஒரு கடிதத்தில் இதை எழுதியிருக்கிறார். 1922-ல் ஜெர்மனி இதைத் தரமாக்கியது, 1975-ல் உலகத் தரமாயிற்று. ஏ0-வை நான்கு முறை மடித்தால் ஏ4. எனவே ஒரு ஏ0-வில் 16 ஏ4. கடைப் பையனுக்கும் இந்தக் கணக்கு தெரிந்திருக்கிறது. பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுப்பதும் இதுதான். தாளைப் பொறுத்தவரை இது சரி, பிரிண்டரைப் பொறுத்தவரை தப்பு.

காரணம் ஓரம். வீட்டு பிரிண்டர்களும் கடை லேசர் பிரிண்டர்களும் தாளின் விளிம்பு வரை அச்சடிப்பதில்லை. ஏதோ ஒரு வெள்ளை ஓரம் விட்டுத்தான் அச்சடிக்கும். எவ்வளவு என்பது பிரிண்டருக்குப் பிரிண்டர் மாறும். சில இங்க்ஜெட்களில் கீழ் ஓரம் மற்ற மூன்றைவிட அதிகம். கணக்குக்கு நான்கு பக்கமும் 5 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 210 x 297 மி.மீ. உள்ள ஏ4 தாளில் மை விழக்கூடிய இடம் 200 x 287 மி.மீ. மட்டுமே. நான்கு தாளை அகலவாக்கில் வைத்தால் 800 மி.மீ., வேண்டியது 841. நான்கு தாளை நீளவாக்கில் வைத்தால் 1148, வேண்டியது 1189. இரண்டு பக்கமும் 41 மி.மீ. குறைகிறது. அந்த 41 மி.மீ.க்காக ஐந்தாவது வரிசையும் ஐந்தாவது பத்தியும் வேண்டும். 16 தாள் 25 ஆகிவிடும்!

கடையில் இதுதான் நடந்திருக்க வேண்டும். ரீடரில் Poster தேர்ந்தெடுத்தால் Tile Scale என்ற இடத்தில் 100% இருக்கும். முன்னோட்டத்தில் 25 துண்டு தெரியும். "ஏ0-ன்னா பதினாறுதானே" என்று பையன் நூறை மெல்ல மெல்லக் குறைத்துப் பார்த்திருப்பான். 95 போட்டவுடன் அகலம் 799 மி.மீ., நீளம் 1130 மி.மீ. ஆகிவிடுகிறது. இரண்டுமே நான்கு தாளுக்குள் அடங்கிவிடும். முன்னோட்டத்தில் 16 கட்டம் அழகாக விழும். நானே வீட்டில் அதே கோப்பைத் திறந்து, அதே மாதிரி செய்து பார்த்தேன். 95-ல் அப்படியே 16-க்கு வந்து நின்றது. பையன் மேல் எனக்குக் கோபம் இல்லை. வாடிக்கையாளருக்குத் தாள் மிச்சம் பிடித்துக் கொடுத்ததாகத்தான் அவன் நினைத்திருப்பான். அவனிடம் சதுரத்தை அளந்து பார்க்கச் சொல்ல யாரும் இல்லை.

சுவரில் ஒட்டும் உலகப் படமோ, பிள்ளைகளுக்கான விலங்குகள் படமோ, பிறந்தநாள் பேனரோ என்றால் 95 என்ன, 80 போட்டாலும் குற்றமில்லை. அங்கே அளவுக்கு அர்த்தம் கிடையாது, இரண்டாவது பாராவே போதும். தையல் பேட்டர்ன், மர வேலைக்கான முழு அளவு வரைபடம், வீட்டு பிளான் போன்றவற்றில் அளவுதான் பொருளே. அவற்றுக்கு 100% தவிர வேறு எண் கிடையாது. உங்கள் கோப்பு எந்த வகை என்பதை முதலில் முடிவு செய்துகொண்டு பிரிண்ட் கட்டளை கொடுங்கள்.

இனி நான் செய்கிற முறையைச் சொல்கிறேன்.

முதலில் முழு பிரிண்ட் எடுக்காதீர்கள். சதுரத்தை மட்டும் எடுத்துப் பாருங்கள். ரீடரில் Edit மெனுவில் Take a Snapshot கொடுத்து, அளவுச் சதுரத்தைச் சுற்றி மவுஸால் கட்டம் இழுங்கள். பிறகு பிரிண்ட் கொடுத்தால் Selected graphic என்று வரும். Actual size தேர்வு செய்து ஒரு தாள் எடுங்கள். இரும்பு ஸ்கேலால் அகலம், உயரம் இரண்டையும் அளந்து பாருங்கள். இரண்டையும் என்று ஏன் சொல்கிறேன் என்றால், குறுக்கே உள்ள அளவைத் தருவது அச்சுத்தலை அல்லது லேசர், நெடுக்கே உள்ள அளவைத் தருவது தாளை இழுக்கும் உருளை. உருளை தேய்ந்திருந்தாலோ வழுக்கினாலோ நெடுக்கு மட்டும் கொஞ்சம் மாறும். 10 செ.மீ. சதுரத்தில் அரை மி.மீ. வரை விட்டுவிடலாம். 40 இஞ்சில் அது ஐந்தில் ஒரு பங்கு இஞ்ச், தையலில் அடங்கிவிடும். அதற்கு மேல் போனால் நிறுத்துங்கள். துணியில் பயன்படுத்தும் இஞ்ச் டேப்பை இதற்கு நம்பாதீர்கள், பழசானால் அது நீண்டுவிடும்.

சதுரம் தப்பாக வந்தால் ரீடரைத் திட்டுவதற்கு முன் பிரிண்டரின் Properties பெட்டியைத் திறந்து பாருங்கள். அளவு இரண்டு இடத்தில் மாறும். ரீடர் 100% அனுப்பினாலும் பிரிண்டரின் டிரைவர் தன் பங்குக்கு இன்னொரு முறை சுருக்கலாம். Fit to Page போன்ற தேர்வு அங்கே ஏற்கெனவே டிக் ஆகியிருக்கும், யாரோ எப்போதோ போட்டு விட்டுப் போனது. தாள் அளவு Letter என்று இருப்பது நம் ஊரில் இன்னொரு அடிக்கடி நடக்கும் கோளாறு. நாம் தட்டில் வைப்பது ஏ4, கம்ப்யூட்டர் நினைத்துக்கொண்டிருப்பது அமெரிக்க அளவு. அதன் நீளம் 279 மி.மீ. தான். ஏ4 பக்கம் ஒன்றை அதற்குள் அடக்கப் பார்த்தால் 94 சதவீதமாகிவிடும். ஓரமே இல்லாமல் அச்சடிக்கும் Borderless வசதி இதற்கு நேர்மாறு. தாளின் விளிம்புக்கு வெளியே கொஞ்சம் வழிய வேண்டும் என்பதற்காகப் படத்தைச் சற்றுப் பெரிதாக்கும். போட்டோவுக்கு நல்லது, பேட்டர்னுக்கு ஆகாது.

சதுரம் சரியாக வந்தபின் Poster-க்குப் போகலாம். Tile Scale 100 என்பதைத் தொடாதீர்கள். அடுத்த கட்டம் Overlap. அடுத்தடுத்த தாள்களில் எவ்வளவு பகுதி இரண்டு முறை அச்சாக வேண்டும் என்பது இது. என் கம்ப்யூட்டரில் முதலில் இருந்த எண் 0.005 in. கணக்குப் போட்டுப் பாருங்கள், 0.13 மி.மீ.! பேனாக் கோட்டைவிடக் குறைவு. இதை அப்படியே விட்டால் ஒரு தாளின் கோடு எங்கே முடிகிறதோ அங்கே அடுத்த தாளில் ஆரம்பிக்கும். ஒட்டுவதற்கு இடமும் இல்லை, சரியாகப் பொருந்தியதா என்று பார்ப்பதற்கு அடையாளமும் இல்லை. அண்ணியின் தாள்கள் அப்படித்தான் வந்திருந்தன. அவர் இரண்டு தாளின் வெள்ளை ஓரத்தையும் வெட்டி, விளிம்போடு விளிம்பு வைத்துப் பின்னால் டேப் ஒட்டியிருந்தார். கத்திரி கொஞ்சம் உள்ளே போனால் அந்த அளவு காணாமல் போகும், வெளியே போனால் கூடும். எது நடந்தது என்பது யாருக்கும் தெரியாது. இந்த எண்ணை ஏன் இவ்வளவு சிறியதாக வைத்தார்கள் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

நான் 0.3 in போடுகிறேன். 7.6 மி.மீ. கிடைக்கும், பசை தடவ அதுவே போதும். Cut marks, Labels இரண்டையும் டிக் செய்யுங்கள். முதலாவது மூலைகளில் வெட்டுக்குறி போடும். இரண்டாவது ஒவ்வொரு தாளிலும் கோப்பின் பெயரையும் துண்டின் எண்ணையும் அச்சடிக்கும். மின்விசிறிக் காற்றில் தாள்கள் கலைந்து போகும் வீடுகளில் அந்த எண்ணின் அருமை தெரியும்.

தாள் மிச்சம் பிடிக்க வேண்டுமா? அளவைத் தொடாமலே ஒரு வழி இருக்கிறது. Orientation-ஐ Landscape ஆக்குங்கள். தாள் படுத்துவிட்டால் அகலவாக்கில் மை விழும் இடம் 287 மி.மீ. மூன்று தாள், நடுவில் இரண்டு இடத்தில் 7.6 மி.மீ. மேலேறல், மொத்தம் 845 மி.மீ. வேண்டியது 841! நீளவாக்கில் 7 தாள் வேண்டும். மூவேழு இருபத்தொன்று. 25-க்குப் பதில் 21. நான்கு தாள் மிச்சம், ஒரு மில்லிமீட்டர்கூடக் குறையவில்லை. உங்கள் பிரிண்டரின் ஓரம் 5 மி.மீ.க்கு மேல் போனால் இந்தக் கணக்கு உடைந்துவிடும், ஏனென்றால் மிச்சம் இருப்பதே 4 மி.மீ. தான். முன்னோட்டத்தில் எண்ணிக்கையைப் பாருங்கள், நிற்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும்.

ரீடரை விட்டால் ஃபாக்ஸிட்டிலும் பெரிய பக்கத்தைத் துண்டாக்கும் வசதி உண்டு. பலர் பிடிஎஃப்பைப் படமாக மாற்றி, பெயின்ட்டில் Page Setup போய் 4 by 4 பக்கம் என்று கொடுக்கிறார்கள். போஸ்டருக்கு அது சரி. ஆனால் எத்தனை பக்கம் என்று நாம் சொல்லிவிட்டால் அளவைத் தீர்மானிப்பது பெயின்ட். கடைப் பையன் செய்ததை நாமே செய்த மாதிரிதான்.

வீட்டில் பிரிண்டர் இல்லாதவர்கள் துண்டுகளை ஒரு புது பிடிஎஃப்பாக எடுத்துப் பென்டிரைவில் கடைக்குக் கொண்டு போகலாமே என்று நினைப்பீர்கள். Microsoft Print to PDF என்ற பிரிண்டரைத் தேர்வு செய்து Poster கொடுத்தால் அது முடியும். அதில் ஒரு குழி இருக்கிறது. அந்தப் பிரிண்டருக்கு உருளையும் இல்லை, வெள்ளை ஓரமும் இல்லை. தாளின் விளிம்பு வரை படத்தை நிரப்பிவிடும். கடையில் உண்மையான பிரிண்டர் நான்கு பக்கமும் 5 மி.மீ. விழுங்கிவிட்டால், ஒவ்வொரு இணைப்பிலும் இரண்டு தாளுக்குமாகச் சேர்த்து 10 மி.மீ. போய்விடும். 0.3 in மேலேறல் அதோடு காலி, மேலும் 2 மி.மீ. அளவுக்குப் படமே இல்லாமல் போகும். எனவே இந்த வழியில் போகிறவர்கள் Overlap 0.7 in கொடுங்கள். 10 மி.மீ. விழுங்கியது போக 7.8 மி.மீ. மிஞ்சும். படுத்த தாளில் இதுவும் 21-க்குள் அடங்குகிறது. கடைக்காரரிடம் Actual size என்று ஒரு தாளில் எழுதியே கொடுத்துவிடுங்கள். முதல் தாள் வந்ததும் பணம் கொடுப்பதற்கு முன் சதுரத்தை அளந்துவிடுங்கள், சதுரம் இருக்கும் தாள் எதுவோ அதை முதலில் எடுக்கச் சொல்லுங்கள்.

இப்போது ஒட்டுவது. இதில் அண்ணிதான் எனக்கு வாத்தியார். பேட்டர்ன் வெட்டும் கையல்லவா.

இரண்டு தாளையும் வெட்டக் கூடாது, ஒன்றைத்தான் வெட்ட வேண்டும். ஒவ்வொரு தாளிலும் இடப்பக்க வெள்ளை ஓரத்தையும் மேல்பக்க வெள்ளை ஓரத்தையும் மட்டும் வெட்டி எடுங்கள். வலப்பக்கமும் கீழ்ப்பக்கமும் அப்படியே இருக்கட்டும். முதல் பத்தித் தாள்களுக்கு இடப்பக்கமும், முதல் வரிசைத் தாள்களுக்கு மேல்பக்கமும் வெட்டத் தேவையில்லை. வெட்டுவது வெள்ளை ஓரம் மட்டுமே, இரண்டு முறை அச்சான பகுதியை வெட்டிவிடாதீர்கள். கத்திரிக்குப் பதில் இரும்பு ஸ்கேல் வைத்து பிளேடு கத்தியால் இழுத்தால் கோடு நேராக வரும். பிறகு இரண்டாவது தாளின் வெட்டிய இடவிளிம்பை முதல் தாளின் வலப்பக்கத்தின் மேல் வைத்து நகர்த்துங்கள். அச்சுக்கோடுகள் ஒன்றன் மேல் ஒன்றாக உட்காரும் இடத்தில் நிறுத்துங்கள். தாளின் விளிம்பைப் பார்த்துப் பொருத்தாதீர்கள். பிரிண்டர் தாளை இழுக்கும்போது ஒவ்வொன்றும் கொஞ்சம் சாய்ந்திருக்கும், விளிம்பு பொய் சொல்லும், கோடு சொல்லாது. பகலில் ஜன்னல் கண்ணாடியில் இரண்டையும் சேர்த்துப் பிடித்தால் கீழ்த்தாளின் கோடு தெரியும்.

பிரிண்டர் சாய்த்ததால் மேலே பொருந்தினால் கீழே அரை மி.மீ. விலகுவதும் உண்டு. அப்போது ஒரு முனையைச் சரியாக்கி மறுமுனையை விட்டுவிடாதீர்கள். இரண்டு முனையிலும் பாதிப் பாதியாகப் பங்கிடுங்கள். ஒரே முனையில் விட்டால் அந்தச் சாய்வு அடுத்த தாளுக்கும் போகும், ஏழாவது வரிசையில் தலை தெரியாமல் கோணிவிடும்.

மூன்று தாளையும் இணைத்து ஒரு வரிசை, அப்படி ஏழு வரிசை தனித்தனியாகச் செய்துகொள்ளுங்கள். வரிசைகளை மேலிருந்து கீழாக இணைப்பது கடைசியில். இப்படிச் செய்தால் தவறு ஒரு வரிசைக்குள் அடங்கும், பிடிக்காவிட்டால் அந்த மூன்று தாளை மட்டும் மறுபடி எடுக்கலாம். ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டே போனால், நான்கு பக்கமும் தாள் சூழ்ந்த நடுத்தாள் ஒன்று எந்தப் பக்கமும் பொருந்தாமல் நிற்கும். நான் முதல் தடவை அப்படித்தான் மாட்டிக்கொண்டேன்.

தண்ணீர்ப் பசை வேண்டாம். ஈரம் பட்ட தாள் விரியும், காய்ந்தால் சுருங்கிச் சுருக்கம் விழும். குச்சி வடிவில் வரும் கெட்டிப் பசையை மெல்லியதாகத் தடவுங்கள், சில நொடிகளுக்கு நகர்த்தலாம். பின்பக்கம் இணைப்பின் மேல் டேப் ஒட்டினால் மடித்து வைக்கும்போது பிரியாது. லேசர் பிரிண்ட் என்றால் வந்தவுடன் ஒட்டாதீர்கள். சூட்டில் தாளின் ஈரம் போய்க் கொஞ்சம் சுருங்கியிருக்கும். நம் கடற்கரைக் காற்றில் சிறிது நேரம் பரப்பி வைத்தால் பழைய நிலைக்கு வரும். எல்லாத் தாளையும் ஒரே பிரிண்டரில் ஒரே நேரத்தில் எடுப்பது அதனால்தான் நல்லது. பாதி வீட்டில், பாதி கடையில் என்று எடுத்தால் இணைப்பில் கோடு தாவும்.

ஒட்டி முடித்ததும் வெட்டிவிடாதீர்கள், ஒரு கடைசி அளவு பாக்கி இருக்கிறது. அளவுச் சதுரம் ஒரே தாளுக்குள் இருப்பது, அது பிரிண்டரைப் பற்றித்தான் சொல்லும். நீங்கள் ஒட்டிய ஒட்டைப் பற்றி ஒன்றும் சொல்லாது. ஓர் இணைப்பில் அரை மி.மீ. தவறு என்றாலும், எல்லாம் ஒரே பக்கமாக விழுந்தால் ஆறு இணைப்பில் 3 மி.மீ. ஆகிவிடும். இதற்கு ரீடரிலேயே Measure கருவி இருக்கிறது. பிடிஎஃப்பில் தோள் முனையிலிருந்து கீழ் மடிப்பு வரை ஒரு கோடு, துணியின் நூல் ஓட்டத்தைக் காட்டும் அம்புக்குறியின் நீளம், இப்படித் தூரமான இரண்டு புள்ளிகளை க்ளிக் செய்து அளவை எழுதிக்கொள்ளுங்கள். அதே இடத்தை ஒட்டிய தாளில் அளந்து பாருங்கள். நூல் ஓட்டக் கோடு பல தாள்களைத் தாண்டிப் போவதால் அதன் மேல் ஒரு தையல் நூலை இழுத்துப் பிடித்தால் கோணல் எங்கே இருக்கிறதென்று உடனே தெரிந்துவிடும். இது அண்ணி கண்டுபிடித்தது.

இவ்வளவு பாடு எதற்கு, ப்ளாட்டர் வைத்திருக்கும் கடையில் ஒரே தாளாக எடுத்துவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. கட்டட பிளான் அச்சடிக்கும் கடைகளில் எடுக்கலாம், ஒட்டுகிற வேலையும் இல்லை. ஆனால் அங்கேயும் உருளைத் தாளின் அகலத்தைக் கேளுங்கள். 36 இஞ்ச் உருளையில் ஏ0 உட்காரும். 24 இஞ்ச் உருளை 610 மி.மீ. தான், அதில் 841 எப்படிப் போகும்? சுருக்கிப் போடுவார்கள், கேட்காமலே. ஒரே தாளாக வந்ததால் சரியாகத்தான் இருக்கும் என்று நாமும் நம்பிவிடுவோம். ஒரு பேட்டர்னை ஒரு தடவை மட்டும் எடுப்பதாக இருந்தால், 36 இஞ்ச் என்று உறுதி செய்துகொண்டு, நான் ப்ளாட்டருக்கே ஓட்டுப் போடுவேன். அண்ணி போல வாரத்துக்கு இரண்டு பேட்டர்ன், ராத்திரி பத்து மணிக்கு எடுப்பவர்களுக்கு 21 தாளும் பசையும்தான் வசதி.

போன வாரம் அண்ணியின் மேஜையில் ஒரு இரும்பு ஸ்கேல் பிரிண்டருக்குப் பக்கத்திலேயே நூலில் கட்டித் தொங்கியது. "சதுரம் 99.8 வந்துச்சு தம்பி, விடலாமா?" என்றார். விடலாம் என்றேன்.